வீட்டிலிருந்து வேலை: மாலை அறிக்கை எழுதுவது எப்படி?

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு மச்சுதான் என் அலுவலகம். குழுவினர் அனைவரும் சென்னையில். சேர்ந்த புதிதில் ஒரு மென்பொருள் பிழையோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். நான்காம் நாள் மேலாளர், "அதை யாராவது பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பக்கத்து மேசையில் இருப்பவர் படும் பாடு கண்ணில் படும். மச்சில் இருப்பவர் எழுதினால்தான் தெரியும்.

1. வேலை முடிய 15 நிமிடம் இருக்கும்போது எழுதத் தொடங்குங்கள். மேலாளருக்கு மட்டும் அனுப்பாமல், குழு முழுவதும் பார்க்கும் இடத்தில் போடுங்கள்.

2. முடிந்தது, தடை, நாளை என்று மூன்றே பகுதி. "பில் பிழையைப் பார்க்கிறேன், 90 சதவீதம் முடிந்தது" என்று எழுதாதீர்கள். மீதி 10 சதவீதம்தான் இரண்டு நாளை விழுங்கும். இப்படி எழுதலாம்:

> முடிந்தது: தள்ளுபடி பில்களில் 1 ரூபாய் கூடியதைத் திருத்தினேன். வரி போடும் முன்பே தொகையை முழு ரூபாயாக்கியதுதான் காரணம். 20 பழைய பில்களில் சோதித்தேன்; 18 சரி.
> தடை: மற்ற 2 பில்களில் பழைய வரி விகிதம். எதை வைப்பது என்று கணக்குப் பிரிவு நாளை 11 மணிக்குள் சொல்ல வேண்டும்.
> நாளை: பதில் வந்தால் 3 மணிக்குள் முடிப்பேன். வராவிட்டால் பில்லின் அச்சு வடிவ வேலையை எடுத்துக்கொள்வேன்.

புதியவர்கள் மறைப்பது தடையைத்தான். யார், எதை, எப்போதுக்குள் என்ற மூன்றும் அதில் இருந்தால்தான் உதவி வரும். ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டால் மாலைவரை காத்திருக்க வேண்டாம். என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதோடு அப்போதே கேளுங்கள்.

3. மறுநாள் பராமரிப்பு மின்தடை என்று அறிவிப்பு வந்திருந்தால் அதையும் அறிக்கையிலேயே சொல்லுங்கள். இன்வெர்ட்டர் இருந்தாலும், தெருவில் கேபிள்காரரின் கருவிக்கு மின்சாரம் இல்லையென்றால் இணையம் நின்றுவிடும். கைப்பேசி இணையத்தை முந்தின நாளே இணைத்துப் பாருங்கள்.

4. அனுப்பியதும் மடிக்கணினியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டுக் கீழே இறங்குங்கள். நாளைய வேலை எழுத்தில் இருப்பதால், சாப்பிடும்போது அது மனதில் ஓடாது. இரவு 9 மணிக்கு வரும் சாதாரணக் கேள்விக்குக் காலையில் பதில் போதும்.

வீட்டாருக்கும் இதே தெளிவு வேண்டும். "வீட்டில்தானே இருக்கிறாய், ரேஷன் கடைக்குப் போய் வா" என்று அம்மா சொல்லும்போது கோபப்பட்டுப் பயனில்லை. மச்சுக் கதவு சாத்தியிருந்தால் கூட்டம் நடக்கிறது, மதியம் 1 முதல் 2 வரை எந்த வேலையும் சொல்லலாம் என்று உட்கார்ந்து பேசினேன். இப்போது அம்மா ரேஷன் பையை மாடிப்படியின் கைப்பிடியில் மாட்டி வைக்கிறாள். 1 மணிக்கு இறங்கும்போது எடுத்துக்கொள்கிறேன்.