முதலில் வந்த சரக்கு முதலில் செல்லும்: அடுக்கு முறையில் இறுதிச் சரக்கிருப்பை மதிப்பிடுவது எப்படி?

வாங்கி விற்கும் வணிகத்தில், காலத்தின் இறுதியில் கையில் எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தே சொல்லிவிடலாம். அவற்றின் அடக்கவிலை என்ன என்பதற்கு எண்ணிக்கை மட்டும் போதாது. ஒரே பொருளைப் பல தடவை, பல விலைகளில் வாங்கியிருப்போம்; மீந்திருப்பது எந்த விலையில் வாங்கியது என்று முடிவு செய்தாக வேண்டும். ஃபைஃபோ என்று பலரும் சொல்லும் 'முதலில் வந்தது முதலில் செல்லும்' முறை, பழைய கொள்முதல்தான் முதலில் வெளியேறியது என்று கொள்கிறது. கிடங்கில் உண்மையில் எந்தப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்கள் என்பது இதில் பொருட்டல்ல. இது அடக்கவிலை நகரும் வரிசையைப் பற்றிய விதி மட்டுமே. ஒன்றுக்கொன்று மாற்றாகக்கூடிய சரக்குகளுக்கு இம்முறையையும் எடையிட்ட சராசரி முறையையும் பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 2 ஏற்கிறது.

ஒரே ஒரு பொருளின் ஒரு மாதக் கணக்கை எடுத்துக்கொண்டு முழுவதும் செய்து பார்ப்போம். பொருள் ஒரு வகைப் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாணயம் எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் தொகைகளை வெறும் எண்களாகவே தருகிறேன்.

படி 1: பதிவுகளைத் தேதி வரிசையில் அடுக்குதல்

| தேதி | விவரம் | எண்ணிக்கை | அலகு விலை |
|---|---|---|---|
| 1 | தொடக்க இருப்பு | 40 | 50 |
| 4 | கொள்முதல் (வண்டிக்கூலி 300 தனி) | 100 | 52 |
| 9 | வழங்கல் | 90 | |
| 13 | கொள்முதல் | 120 | 58 |
| 17 | வழங்கல் | 80 | |
| 20 | 9-ஆம் தேதி விற்றதில் திரும்பி வந்தது | 10 | |
| 24 | கொள்முதல் | 60 | 61 |
| 27 | வழங்கல் | 70 | |

வழங்கல் வரிகளில் விலைக் கட்டம் காலியாக இருப்பதைக் கவனியுங்கள். விற்ற விலைக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. அங்கே வரவேண்டிய விலையை அடுக்குகள்தான் தரும். தேதி என்பது சரக்கு உங்கள் கணக்கில் உண்மையில் சேர்ந்த நாளாக இருக்கட்டும். பில் பிந்தி வந்தது என்பதற்காகக் கொள்முதலைப் பின்னால் பதிந்தால், வராத சரக்கு வெளியேறியதாகக் காட்டி இருப்பு கழித்தல் குறியில் நிற்கும். எந்த வரியிலாவது இருப்பு சுழியத்துக்குக் கீழே போனால் மேலே கணக்கிடாமல் அங்கேயே நிறுத்தி, விடுபட்ட வரவையோ பிழையான தேதியையோ தேடுங்கள்.

படி 2: ஒவ்வொரு கொள்முதலுக்கும் அடக்கவிலை காணுதல்

பட்டியல் விலையில் வியாபாரத் தள்ளுபடியைக் கழித்து, சரக்கைக் கொண்டு வந்து சேர்க்க ஆன வண்டிக்கூலி, ஏற்றுகூலி, இறக்குகூலி, திரும்பப் பெற முடியாத வரி ஆகியவற்றைக் கூட்டினால் கிடைப்பதே அடுக்கின் அடக்கவிலை. திரும்பப் பெறக்கூடிய வரி இதில் சேராது. வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்கான கூலியும் சேராது. அது விற்பனைச் செலவு.

4-ஆம் தேதிக் கொள்முதலின் விலை 5,200, வண்டிக்கூலி 300, ஆகமொத்தம் 5,500. அதை 100-ஆல் வகுத்தால் அலகுக்கு 55. மற்ற இரு கொள்முதல்களுக்கும் தனிச் செலவு இல்லை என்பதால் 58, 61 என்ற விலைகளே நிற்கின்றன.

படி 3: அடுக்குகளைக் கரைத்துக்கொண்டே போதல்

ஒவ்வொரு கொள்முதலும் ஓர் அடுக்கு. வழங்கல் நடக்கும்போது மிகப் பழைய அடுக்கிலிருந்து எடுக்கத் தொடங்கி, அது தீர்ந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

9-ஆம் தேதி 90 பூட்டுகள் வெளியேறின. தொடக்க இருப்பில் இருந்த 40-ஐயும் 50 வீதம் எடுத்தால் 2,000. குறையும் 50-ஐ 55 வீதம் எடுத்தால் 2,750. வழங்கலின் அடக்கம் 4,750. முதல் அடுக்கு முழுவதும் தீர்ந்து, இரண்டாவதில் 50 மீந்திருக்கிறது. இங்கே தொடக்கநிலையில் இருப்பவர்கள் வழக்கமாகச் செய்வது, இரண்டு விலைகளையும் கூட்டி 2-ஆல் வகுத்து 52.50 என்ற ஒரே விலையை 90-க்கும் போட்டுவிடுவது. அப்படிச் செய்தால் அது ஃபைஃபோவும் ஆகாது, எடையிட்ட சராசரியும் ஆகாது. வழங்கல் இரண்டு அடுக்குகளைத் தொட்டால் பேரேட்டில் இரண்டு வரிகளாகவே எழுதுங்கள்.

13-ஆம் தேதி 120 பூட்டுகள் கொண்ட புதிய அடுக்கு 58 விலையில் வந்து வரிசையின் கடைசியில் நிற்கிறது. 17-ஆம் தேதி 80 வெளியேறும்போது, 55 விலையில் மீந்திருந்த 50 முதலில் போகிறது, அது 2,750. மேலும் 30 பூட்டுகள் 58 வீதம் போகின்றன; அது 1,740. கூடுதல் 4,490. இப்போது கையில் இருப்பது 58 விலையில் 90.

படி 4: திரும்பி வந்த சரக்குக்கு இடம் கொடுத்தல்

இந்தக் கணக்கில் சற்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான். 20-ஆம் தேதி வாடிக்கையாளர் 10 பூட்டுகளைத் திருப்பித் தருகிறார். அவை 9-ஆம் தேதி விற்றவை. அன்றைய வழங்கலில் 50 விலைப் பூட்டும் இருந்தது, 55 விலைப் பூட்டும் இருந்தது. எந்த விலைக்குத் திரும்பப் பதிவது? அன்றைய வழங்கலில் கடைசியாக வெளியேறியதை முதலில் திரும்பியதாகக் கொள்வது இயல்பான வழி. எனவே 10 பூட்டுகளும் 55 வீதம், 550 மதிப்பில் உள்ளே வருகின்றன. விற்ற விலைக்கோ அன்றைய சந்தை விலைக்கோ பதியக் கூடாது. பதிந்தால் விற்காத சரக்கின் மேல் லாபம் ஏறிவிடும்.

அடுத்த கேள்வி, இந்த அடுக்கு வரிசையில் எங்கே நிற்க வேண்டும் என்பது. திரும்பிய நாள் 20 என்பதற்காக அதைக் கடைசியில் வைக்கத் தோன்றும். ஆனால் அது 4-ஆம் தேதி வாங்கிய சரக்கு. விற்பனை நடக்கவே இல்லை என்பது போலப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டுமென்றால் அதன் இடம் வரிசையின் முன்பகுதிதான். ஆகவே 55 விலையில் 10, அதற்குப் பின்னால் 58 விலையில் 90 என்று அடுக்குகள் அமைகின்றன. சில கணினி மென்பொருள்கள் திரும்பிய நாளையே அடுக்கின் நாளாக எடுத்துக்கொள்கின்றன. உங்களுடையது எப்படிச் செய்கிறது என்று ஒரு சிறு பதிவைப் போட்டுச் சோதித்துவிடுவது நல்லது.

24-ஆம் தேதி 61 விலையில் 60 பூட்டுகள் வருகின்றன. 27-ஆம் தேதி 70 வெளியேறுகின்றன: திரும்பி வந்த 10 பூட்டுகள் 550-க்கும், 58 விலையில் 60 பூட்டுகள் 3,480-க்கும், மொத்தம் 4,030.

மீந்திருப்பவை 58 விலையில் 30, அதாவது 1,740. 61 விலையில் 60, அதாவது 3,660. இறுதி இருப்பு 90 பூட்டுகள், மதிப்பு 5,400. திரும்பிய சரக்கை 20-ஆம் தேதிக்குரிய அடுக்காக வைத்திருந்தால் 27-ஆம் தேதி வழங்கல் முழுவதும் 58 விலையில் போய், 55 விலைப் பூட்டுகள் கையிலேயே தங்கி, இறுதி மதிப்பு 5,370 ஆகியிருக்கும். நமக்கு விற்றவர்களிடம் நாம் திருப்பி அனுப்பும் சரக்குக்கு இத்தனை யோசனை தேவையில்லை; அது எந்தக் கொள்முதலில் வந்ததோ அந்த அடுக்கிலிருந்து அதே விலைக்குக் கழியும்.

படி 5: இரண்டு வழிகளில் சரிபார்த்தல்

தொடக்க இருப்பு 2,000-உடன் கொள்முதல்கள் 5,500, 6,960, 3,660 ஆகியவற்றைக் கூட்டினால் 18,120. வழங்கல்கள் 4,750, 4,490, 4,030 சேர்ந்து 13,270. அதில் திரும்பிய 550-ஐக் கழித்தால் விற்ற சரக்கின் அடக்கம் 12,720. 18,120-இலிருந்து இதைக் கழித்தால் 5,400 வருகிறது.

ஆனால் இந்தச் சோதனை கூட்டல் பிழையைத்தான் பிடிக்கும். அடுக்கைத் தவறான வரிசையில் எடுத்திருந்தாலும் இது பொருந்தியே வரும். வரிசைப் பிழையைப் பிடிக்கப் பின்னாலிருந்து எண்ணுங்கள். மீந்த 90-இல் கடைசிக் கொள்முதலின் 60 அடங்கும்; பாக்கி 30 அதற்கு முந்தைய கொள்முதலிலிருந்து வர வேண்டும். விரிதாளில் இதையே ஒரு சூத்திரமாக எழுதலாம். B நெடுவரிசையில் அடுக்கின் எண்ணிக்கை, C-இல் அதுவரையிலான கூட்டு எண்ணிக்கை (40, 140, 260, 320), F1 கட்டத்தில் திரும்பியது போக நிகர வழங்கல் 230 என்று இட்டால், ஒவ்வொரு அடுக்கிலும் மீந்திருப்பதை இது தரும்:

```
=MAX(0,MIN(B2,C2-$F$1))
```

விடை 0, 0, 30, 60 என்று வர வேண்டும். மேலே செய்த கரைப்பும் இதுவும் ஒத்துப்போகாவிட்டால், பெரும்பாலும் திரும்பிய சரக்கோ, தேதி மாறிப் பதிந்த வழங்கலோதான் காரணமாக இருக்கும்.

படி 6: எண்ணிப் பார்த்ததோடும் சந்தையோடும் ஒப்பிடுதல்

கிடங்கில் எண்ணிப் பார்த்தபோது 88 பூட்டுகள்தான் இருந்தன என்று கொள்வோம். பதிவில் விடுபட்ட வழங்கல் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு, குறையும் 2 பூட்டுகளை இன்னொரு வழங்கல் போலவே நடத்தி, இருப்பதில் பழைய அடுக்கிலிருந்து 58 வீதம் கழிக்க வேண்டும். 116 இழப்பாகப் போய், இருப்பு 58 விலையில் 28, 61 விலையில் 60 என்று நின்று 5,284 ஆகிறது.

இறுதியில், இந்த அடக்கம் நிகர விற்பனை மதிப்பைத் தாண்டாதிருக்க வேண்டும். பூட்டை இனி 62-க்குத்தான் விற்க முடியும், விற்க 3 செலவாகும் என்றால் நிகர மதிப்பு அலகுக்கு 59, 88-க்கு 5,192. அடக்கம் 5,284 என்பதால் 92 குறைத்து, இருப்புநிலைக் குறிப்பில் 5,192-ஐக் காட்ட வேண்டும். 61 விலை அடுக்கை மட்டும் 59-க்கு இறக்கி, 58 விலை அடுக்கை அப்படியே விட்டால் 5,164 வரும். ஒரே பொருளின் அடுக்குகளைத் தனித்தனிப் பொருள்களாக நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒப்பீடு பொருள்வாரியாக நடக்கட்டும்.

அந்த 92-ஐ அடுக்குகளின் விலையில் அடித்துத் திருத்தாமல் தனிக் கணக்கில் வையுங்கள். விற்பனை விலை மீண்டும் ஏறினால், பழைய அடக்கவிலையின் எல்லைவரை அந்தக் குறைப்பை மீட்க வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. அந்த எல்லை எது என்பதைக் காட்ட அடுக்குகள் திருத்தப்படாமல் இருக்க வேண்டும். அடுத்த மாதத் தொடக்க இருப்பாகவும் 88 என்ற ஒற்றை வரியை எழுதாமல், 28 பூட்டுகள் 58 விலையிலும் 60 பூட்டுகள் 61 விலையிலும் என்று இரண்டு வரிகளாகவே எடுத்துச் செல்லுங்கள்.