தலைமையாசிரியரின் பிரியாவிடை உரையை ஆங்கிலத்தில் தரும்போது

பிளஸ் டூ பிரியாவிடை விழாவில் தலைமையாசிரியர் தமிழில் பேசுவதை, ஆங்கிலம் படிக்கும் பெற்றோருக்காக மொழிபெயர்த்து மேடையிலும் வாசிக்கப் போகிறீர்களா? தமிழ்ச் சொற்களை எண்ணி நேரம் கணக்கிடாதீர்கள், ஆங்கிலத்தில் சொற்கள் கூடிவிடும். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்குச் சுமார் 120 ஆங்கிலச் சொல், ஆக ஐந்து நிமிடத்துக்கு 600.

அப்புறம், "ஆறாம் வகுப்பில் அம்மா கையைப் பிடித்து வந்து, எட்டாவதில் மணி அடிக்கும் முன்பே ஓடி, இன்று என்னைவிட உயரமாக நிற்கும் பிள்ளைகளே" மாதிரி வாக்கியத்தை ஒரே மூச்சில் ஆங்கிலமாக்கினால் நடுவிலேயே மூச்சு முட்டும். பிள்ளைகளை முதலில் விளித்துவிட்டு, மீதியை மூன்று குட்டி வாக்கியமாக்குங்கள். வாசிக்கும்போது எங்கே நிறுத்துவது என்று தெரிய, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சாய்கோடு போடுங்கள், கைதட்டல் வரும் இடத்தில் இரண்டு. குறள் இருந்தால் தமிழிலேயே சொல்லி, பொருளை மட்டும் ஒரு வரியில் ஆங்கிலத்தில் தந்தால் போதும். பெற்றோர் கையில் கொடுக்கும் பிரதியில் சாய்கோடுகளை நீக்கிவிடுங்கள்.