பதில் வராத நாளும் கணக்கில் வரணும்: வாராந்திரச் சதவீதத்தில் நடக்கும் தவறுகள்

கோபி பக்கம் எட்டு மஞ்சக்காடுகளுக்குச் சொட்டுநீர் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் சாயங்காலம் "பில்டர் கழுவியாச்சுங்களா?" என்று ஒவ்வொருவருக்கும் செய்தி போகிறது. வருகிற பதிலை சிஎஸ்வி கோப்பில் ஏற்றுகிறார்கள். பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது: பதில் வந்தால்தான் வரி எழுதுகிறார்கள்.

எட்டுக் காடு, ஏழு நாள், மொத்தம் 56 கேள்வி. பதில் வந்தது 42. அதில் "ஆச்சுங்க" 36. வந்த பதிலை மட்டும் வைத்து வகுத்தால் 85.7%. கேட்டதை வைத்து வகுத்தால் 64.3%. பில்டரைக் கழுவாதவர்தான் பெரும்பாலும் பதில் போடாமல் விடுவார். அதனால் முதல் கணக்கு நிலைமையை எப்போதும் நல்லதாகவே காட்டும்.

கேள்வி போகும்போதே வரியை எழுதிவிட வேண்டும், பதிலைப் பிறகு நிரப்பலாம்:

```
asked,field,reply,done
2025-07-07,K01,ஆச்சுங்க,1
2025-07-07,K02,,
2025-07-07,K03,"கரண்ட் இல்லீங்க, நாளைக்கு",0
```

மூன்றாவது பதிலுக்குள் காற்புள்ளி இருக்கிறது. இரட்டை மேற்கோள் போடாவிட்டால் "நாளைக்கு" என்பது done கட்டத்துக்குத் தள்ளப்படும். "ஆச்சு", "ஆச்சுங்க", "முடிஞ்சுதுங்க" என்று பதில் பலவிதமாக வரும். அதை அப்படியே வைத்துக்கொண்டு, எண்ணுவதற்கு 1, 0 மட்டும் போதும்.

தேதி, கேள்வி போன நாளாக இருக்கட்டும். ராத்திரி கரண்டில் மோட்டார் ஓட்டுகிறவர் ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்கு 12.20-க்குப் பதில் போடுவார். பதில் வந்த தேதியைப் போட்டால் அது அடுத்த வாரத்தில் போய்ச் சேரும்.

எக்செலில் வாரத்தைப் பிரிக்க `WEEKNUM` வேண்டாம். அது சும்மா விட்டால் ஞாயிற்றுக்கிழமையில் வாரத்தைத் தொடங்கும், ஜனவரி 1 வந்தால் ஒரே வாரத்தை இரண்டாக வெட்டும். அந்த வாரத்துத் திங்கட்கிழமையையே E2-இல் எடுத்து, கடைசி வரி வரை இழுத்துவிடுங்கள்:

```
=A2-WEEKDAY(A2,2)+1
```

45845 என்று எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் 2025 ஜூலை 7 ஆகிவிடும். G2-இல் அந்தத் திங்கட்கிழமையைப் போட்டு, H2-இல் சதவீதத்தை எடுங்கள்:

```
=COUNTIFS(E:E,G2,D:D,1)/COUNTIF(E:E,G2)
```

இதற்குப் பதில் `AVERAGEIFS` போடுகிறவர்கள் நிறைய. அது காலிக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடும். K02 மாதிரி வரிகள் கணக்கிலிருந்து விழுந்து, பழைய 85.7% திரும்ப வந்து நிற்கும். சந்தேகம் வந்தால் `COUNTIF` பகுதியை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். 56 வரவில்லை என்றால் எங்கேயோ வரி விட்டுப்போயிருக்கிறது.

சூத்திரங்களைத் தனி எக்செல் கோப்பில் வையுங்கள். சிஎஸ்வியாகச் சேமித்தால் விடை மட்டும்தான் தங்கும், சூத்திரம் போய்விடும். எக்செலிலிருந்து சிஎஸ்வியைச் சேமிக்கும்போது `CSV UTF-8` தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ்ப் பதில்கள் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.