மருத்துவ விடுப்பில் இருக்கும்போது ராஜினாமா: கடிதத்தை அனுப்பும் முன் பார்க்க வேண்டிய தவறுகள்

சம்பளப் பட்டியல் போடும் வேலையில் பதினைந்து வருடம் இருந்துவிட்டேன். ராஜினாமா கடிதங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் அதிகம் பணத்தை இழப்பவர்கள், படுக்கையில் படுத்தபடி போனில் நாலு வரி தட்டி அனுப்புகிறவர்கள்தான். உடம்பு முடியாத நேரத்தில் "இந்த வேலையை முடித்துத் தொலைத்தால் போதும்" என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் அந்த நாலு வரியில் இருக்கும் ஒரு தேதியும் ஒரு வாக்கியமும் ஒரு லட்சம் ரூபாய் வரை கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் கணக்கை வைத்தே சொல்கிறேன். செல்வம் என்று வைத்துக்கொள்வோம். சென்னைக்கு வெளியே ஒரு தனியார் நிறுவனத்தின் கிடங்கில் சூப்பர்வைசர். ஐந்து வருடத்துக்கு முன் ஜூலை 1-ஆம் தேதி வேலையில் சேர்ந்தவர். மாதச் சம்பளம் 45,000. அதில் அடிப்படைச் சம்பளம் 26,000. முதுகுத்தண்டில் டிஸ்க் பிரச்சினை, அக்டோபரில் அறுவை சிகிச்சை. கையிருப்பு விடுப்பு எல்லாம் தீர்ந்து, நவம்பரிலிருந்து சம்பளமில்லா விடுப்பு. ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நின்றுகொண்டே செய்கிற வேலை அவருடையது. டிசம்பர் 29 அன்று "உடனடியாக விலகுகிறேன், என் பாக்கியை எல்லாம் இறுதிக் கணக்கில் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு மெயில் எழுதி, அனுப்பும் முன் எனக்குக் காட்டினார். அந்த இரண்டே வரியில் மூன்று தவறுகள் இருந்தன.

முதல் தவறு தேதி. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதைப் பணியாற்றிய வருடங்களால் பெருக்கி வருவது. பொதுவாக அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை எடுப்பார்கள். ஆனால் வருடத்தை எண்ணும் விதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முழு வருடங்களுக்குப் பிறகு மிச்சமிருப்பது ஆறு மாதத்துக்கு *மேல்* இருந்தால்தான் அது இன்னொரு வருடமாகக் கணக்கில் ஏறும். ஜூலை 1-இல் சேர்ந்தவருக்கு டிசம்பர் 31 அன்று சரியாக ஐந்தரை வருடம்தான். டிசம்பர் 29-இல் விலகினால் கணக்கு ஐந்து வருடம்: 26,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 15,000, ஐந்து வருடத்துக்கு 75,000. ஜனவரியில் சில நாள் தாண்டி விலகினால் ஆறு வருடம், 90,000. இரண்டு வாரம் பொறுத்தால் கூடுதலாக 15,000.

இதில் இன்னொரு குழப்பம் வரும். சம்பளமே வராத மாதங்களையும் பணியாகச் சேர்ப்பார்களா? நோய்க்காக எடுத்த விடுப்பு தொடர்பணியை முறிக்காது. அதேபோல், சம்பளமில்லா மாதத்தின் பூஜ்யத்தை வைத்து "கடைசிச் சம்பளம்" போடவும் கூடாது. வேலை பார்த்திருந்தால் என்ன வீதத்தில் வந்திருக்குமோ அதுதான் அளவு. சில பேரோல் மென்பொருள்கள் இந்த இடத்தில் தானாகக் குறைந்த தொகையை எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கணக்குத் தாள் வந்ததும் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.

ஐந்து வருடம் ஆகாதவர்கள் இதைப் படித்துவிட்டு நமக்கு ஒன்றுமில்லை என்று விட்டுவிட வேண்டாம். நோயோ விபத்தோ காரணமாக, முன்பு செய்துவந்த வேலையைச் செய்ய முடியாத ஊனம் ஏற்பட்டு விலகினால், பணிக்கொடைக்கு வழக்கமாக இருக்கும் ஐந்து வருட நிபந்தனை கிடையாது. அதை நிரூபிப்பது மருத்துவச் சான்றிதழ்தான். பி.எஃப். பணத்துக்கும் இதேபோல ஒரு வழி உண்டு. ஐந்து வருடத்துக்கு முன் எடுத்தால் வழக்கமாக வரி விழும். உடல்நலக் குறைவால் பணி முடிந்தது என்றால் விழாது. "சொந்தக் காரணங்களுக்காக" என்று கடிதத்தில் எழுதிவிட்டுப் பிறகு நோயைக் காட்டி வாதாடுவது கஷ்டம்.

அடுத்த தவறு சான்றிதழில். செல்வத்திடம் இருந்தது "நான்கு வாரம் படுக்கை ஓய்வு" என்று எழுதிய இரண்டு தாள். ஒன்று நவம்பர் 30 வரை, அடுத்தது டிசம்பர் 8 முதல். நடுவில் ஏழு நாள் எந்தத் தாளும் இல்லை. கேட்டால், மருத்துவர் ஊரில் இல்லை, அதனால் போகவில்லை என்றார். அவருக்கு அது சின்ன விஷயம். நிறுவனத்தின் கண்ணில் அது அனுமதியின்றி வராமல் இருந்த ஏழு நாள். நிறுவனத்தின் பணி விதிகளான நிலையாணைப்படி அதைப் பணி முறிவு என்று உத்தரவு போட்டுவிட்டால், மேலே சொன்ன தொடர்பணிக் கணக்கே ஆட்டம் காணும். மருத்துவரை முன்தேதியிட்டுத் தரச் சொல்லாதீர்கள். அவர் தரவும் மாட்டார், தரவும் கூடாது. கொடுத்த சான்றிதழ்களுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டியவர் அவர். அதற்குப் பதில், அந்த நாட்களிலும் நோயாளி தன் சிகிச்சையில்தான் இருந்தார் என்று மருத்துவமனைக் குறிப்பேட்டைப் பார்த்து இன்றைய தேதியில் எழுதித் தரச் சொல்லலாம். செல்வம் அதைத்தான் வாங்கினார்.

இதை விட முக்கியம், விடுப்புக்கான சான்றிதழ் வேறு, விலகுவதற்கான சான்றிதழ் வேறு என்பது. "ஓய்வு தேவை" என்ற தாள், ஓய்வு முடிந்ததும் வேலைக்கு வருவீர்கள் என்றுதான் சொல்கிறது. ராஜினாமாவோடு வைக்க வேண்டியதில் என்ன சிகிச்சை, எந்தத் தேதியிலிருந்து, எந்த மாதிரி வேலையைச் செய்ய முடியாது, எவ்வளவு காலத்துக்கு என்று இருக்க வேண்டும். கீழே மருத்துவரின் பெயர், பதிவு எண், கையெழுத்து, முத்திரை, தேதி. "நீண்ட நேரம் நின்று செய்யும் பணிக்கும் கனமான பொருள் தூக்கும் பணிக்கும் தகுதியற்றவர்" என்ற ஒரே வரி, மூன்று பக்க ஸ்கேன் அறிக்கையை விட நிறுவனத்திடம் அதிகம் பேசும். ஸ்கேன் அறிக்கைகளை எச்.ஆர். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் போதும். மேலாளர், டீம், கணக்குப் பிரிவு என்று எல்லாரையும் சேர்த்து மெயில் போட்டுவிட்டு, நம் நோய் கேன்டீன் பேச்சாகிவிட்டது என்று அப்புறம் வருத்தப்பட்டவர்கள் உண்டு.

இனி மூன்றாவது. "பாக்கியை எல்லாம் பிடித்துக்கொள்ளுங்கள்" என்ற வாக்கியம்தான் இருப்பதிலேயே விலை கூடியது. நேர்மையான மனிதர் கடன் வைத்துவிட்டுப் போகக்கூடாது என்று நினைத்து எழுதுகிறார். ஆனால் என்ன பாக்கி, எவ்வளவு என்று தெரியாமலே எழுதுகிறார். செல்வத்துக்கு வந்த முதல் கணக்குத் தாளில், தர வேண்டியது என்று இருந்தவை இவை: சம்பள முன்பணத்தில் மிச்சம் 36,000, அம்மா அப்பாவுக்கான மெடிக்ளெய்ம் பிரீமியத்தில் சம்பளமில்லா மாதங்களில் பிடிக்காமல் விட்ட 6,000, நோட்டீஸ் பீரியடுக்காக 90,000. மொத்தம் 1,32,000. வர வேண்டியது பணிக்கொடை 90,000, இன்சென்டிவும் பயணப் படியும் சேர்த்து 22,000. ஆக, ஐந்து வருடத்துக்கு மேல் உழைத்தவர் கடைசியில் கையிலிருந்து 20,000 கட்ட வேண்டும் என்று தாள் சொன்னது.

இதில் அந்த 90,000 எப்படி வந்தது என்று பாருங்கள். அறுபது நாள் நோட்டீஸ், விடுப்பில் இருந்ததால் ஒரு நாளும் சேராது, அதுவும் மொத்தச் சம்பளத்தில். நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்தால் "குறையும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம்" என்றுதான் இருந்தது. விடுப்பு நாட்கள் நோட்டீஸில் சேராது என்று எங்கும் இல்லை. அவர் ஜனவரி 2 அன்று கடிதம் கொடுத்து ஜனவரி 31-ஐக் கடைசி நாளாகப் போட்டிருந்தார். அப்படியானால் குறைவது முப்பது நாள், தொகை 26,000. அதையும் மருத்துவக் காரணத்துக்காகத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். கேட்பது உரிமையல்ல, வேண்டுகோள்தான், நிறுவனம் மறுக்கலாம். சான்றிதழ் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் மறுப்பதில்லை என்பது என் அனுபவம்.

பணிக்கொடையை இந்தக் கழித்தலுக்குள் இழுப்பதே தவறு. ஒழுங்கீனத்துக்காகப் பணிநீக்கம் செய்யும்போதுதான் அதைப் பறிக்கச் சட்டம் இடம் தருகிறது. ராஜினாமா செய்தவரின் பணிக்கொடையில் நோட்டீஸ் பணத்தைக் கழிக்க அந்தப் பிரிவு உதவாது. நீங்களே "பிடித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் கொடுத்தால் நிறுவனத்தின் வேலை சுலபம். அதனால் பணிக்கொடையையும், தள்ளுபடி கேட்ட நோட்டீஸ் பணத்தையும் தனியாக வைத்துவிட்டு மிச்சத்தைக் கணக்குப் போட்டோம். தர வேண்டியது 42,000, வர வேண்டியது 22,000, நிகர பாக்கி 20,000. சிகிச்சைச் செலவு ஓடிக்கொண்டிருந்ததால் அதை மாதம் 5,000 வீதம் நான்கு தவணையாகக் கட்ட எழுதிக் கொடுத்தார்.

மெயில் ஆங்கிலத்தில்தான் போனது. சாரம் இவ்வளவுதான்: "முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்குப் பின், இணைத்துள்ள சான்றிதழின்படி, என் தற்போதைய பணியைச் செய்ய இயலாத நிலையில் இருக்கிறேன். ஜனவரி 31 என் கடைசிப் பணிநாளாக ராஜினாமா செய்கிறேன். நோட்டீஸில் குறையும் நாட்களைத் தள்ளுபடி செய்யக் கேட்டுக்கொள்கிறேன். முன்பணம், பிரீமியம் பாக்கியின் விவரத்தை எழுத்தில் தரவும். சரிபார்த்தபின் மார்ச் முதல் ஜூன் வரை ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் வங்கி வழியாகச் செலுத்துகிறேன். பணிக்கொடையைத் தனியே வழங்கவும். லேப்டாப்பும் அடையாள அட்டையும் தம்பி மூலம் ஒப்படைக்கப்படும், ஒப்புகை தரவும்."

தவணைக்குப் பிணையாகப் பின்தேதியிட்ட காசோலை கேட்டார்கள். கொடுக்க வேண்டாம் என்றேன். வருமானம் நின்றிருக்கும் நேரத்தில் ஒரு காசோலை திரும்பினால், 5,000 ரூபாய்க் கடன் காசோலை வழக்காக, அதுவும் குற்ற வழக்காக மாறிவிடும். அதற்குப் பதில் வங்கியில் தானாகப் போகும் நிலை உத்தரவின் நகலைக் கொடுத்தார். ஏற்றுக்கொண்டார்கள்.

கடைசி நாளைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருந்தது. நிறுவனத்தின் குழு மெடிக்ளெய்ம் வழக்கமாகக் கடைசிப் பணிநாளோடு நின்றுவிடும். செல்வத்துக்கு ஜனவரி மூன்றாம் வாரம் ஒரு மறு பரிசோதனையும் ஊசி சிகிச்சையும் இருந்தன. டிசம்பர் 29 மெயில் போயிருந்தால் அந்தச் செலவு முழுதும் கையிலிருந்துதான். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறவும் வழி உண்டு. அதுவரை கழித்த காத்திருப்புக் காலம் வீணாகாது. ஆனால் பாலிசி உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். விலகிய பிறகு புதிதாகப் போனால் முதுகுப் பிரச்சினை "முன்பே இருந்த நோய்" ஆகிவிடும்.

அப்புறம் பணம் வரும் காலம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்குச் சேர வேண்டிய ஊதியம் இரண்டு வேலை நாளில் வர வேண்டும். பணிக்கொடைக்கு 30 நாள், தாமதித்தால் வட்டி. "45 நாளில் இறுதிக் கணக்கு" என்று பல நிறுவனங்கள் இன்னும் பழக்கத்தில் சொல்வார்கள். பணிக்கொடை விண்ணப்பத்தை ராஜினாமா மெயிலோடு கலக்காமல் தனியாகக் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகை வாங்கி வையுங்கள். இழுத்தடித்தால் தொழிலாளர் துறையின் உதவி ஆணையரிடம் போகும்போது முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்தான்.

செல்வத்துக்கு நோட்டீஸ் பணம் தள்ளுபடி ஆனது. பணிக்கொடை 90,000 முழுதாக வந்தது. ரிலீவிங் லெட்டரின் முதல் பிரதியில் மட்டும் கடைசிப் பணிநாள் என்று, அவர் கடைசியாகக் கிடங்குக்கு வந்த அக்டோபர் தேதியைப் போட்டிருந்தார்கள். திருத்தி வாங்க மூன்று மெயில் ஆனது.