தனி, தொடர், கலவை: முற்றை மட்டும் எண்ணினால் விடை தவறும்

காரைக்குடிப் பக்கம் டியூஷனில் வாக்கிய வகைப் பயிற்சித்தாளைத் திருத்துகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. பத்து வாக்கியம் கொடுத்தால் மாணவர்கள் ஏழுக்குத் ‘தனி’ என்று எழுதி வருவார்கள். கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “கடைசியில ஒரு வினைமுற்றுதான் சார் இருக்கு.” எழுத்துப்பிழை, நிறுத்தற்குறி போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். மதிப்பெண்ணைக் கொண்டுபோவது இந்தப் பதில்தான்.

முற்றை எண்ணி முடிவு கட்டுவது

தமிழ் வாக்கியம் பெரும்பாலும் ஒரே வினைமுற்றில்தான் முடியும். அதற்கு முன்னால் எத்தனை செயல் நடந்தாலும் அவை எச்சமாகக் குறுகி நிற்கும். ஆகவே முற்றை மட்டும் எண்ணினால் மொழியில் பாதி வாக்கியம் தனி வாக்கியம் ஆகிவிடும். இவ்வளவு எளிதாகத் தவிர்க்கக்கூடிய தவறு ஒவ்வோர் ஆண்டும் திரும்ப வருவது எரிச்சலாகத்தான் இருக்கிறது. முற்றிலிருந்து தொடங்குவது சரி, அங்கேயே நின்றுவிடுவதுதான் பிழை.

செய்ய வேண்டியது இது. கடைசி வினைமுற்றின் கீழே கோடு போடுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வந்து, வினையிலிருந்து பிறந்த ஒவ்வொரு சொல்லையும் வட்டமிடுங்கள். வட்டமிட்ட ஒவ்வொன்றையும் முற்றாக மாற்றி, “யார்? எது?” என்று கேட்டு, கிடைத்த எழுவாயைப் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு அந்தத் துண்டு பொருள் கெடாமல் தனியே நிற்குமா என்று பாருங்கள். பயனிலை ஒன்றே என்றால் தனி, பல இருந்து எல்லாம் தனியே நின்றால் தொடர், ஒன்று நிற்காவிட்டாலும் கலவை.

“ஆச்சி பாக்கு வெட்டி, வெற்றிலை மடித்து, விருந்தினரிடம் கொடுத்தார்.” மாற்றினால்: ஆச்சி வெட்டினார், ஆச்சி மடித்தார், ஆச்சி கொடுத்தார். எழுவாய் ஒன்றே, பயனிலை மூன்று, எதுவும் மற்றொன்றின் மேல் சாயவில்லை. இது தொடர்.

இப்போது மாணவர்களைத் தவறாமல் வழுக்கிவிடும் வாக்கியம்: “கொத்தனார் ஆத்தங்குடி டைல்ஸை வண்டியிலிருந்து இறக்கி, வளவில் அடுக்கி, மழை வருவதற்குள் தார்ப்பாயால் மூடினார்.” முற்றை எண்ணியவர் ‘தனி’ என்பார். காற்புள்ளியைப் பார்த்தவர் ‘தொடர்’ என்பார். இரண்டும் தவறு. இறக்கி, அடுக்கி, மூடினார் மூன்றுக்கும் எழுவாய் கொத்தனார். ‘வருவதற்குள்’ என்பதைக் கேளுங்கள்: வருவது எது? மழை. அதற்கு வேறு எழுவாய் இருக்கிறது. ‘மழை வருவதற்குள்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கேட்பவர் “வருவதற்குள் என்ன?” என்பார். அது சார்பு வாக்கியம். ஒன்று கலந்தாலே போதும், முழு வாக்கியமும் கலவை.

எழுவாய் ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பிவிடவும் கூடாது. “அண்ணன் ஊருக்கு வந்தால் பிள்ளையார்பட்டிக்குப் போவான்.” வருகிறவனும் போகிறவனும் அண்ணன்தான். ஆனால் ‘வந்தால்’ என்பதை ‘வந்தான்’ ஆக்கினால் நிபந்தனை போய்விடுகிறது, பொருளே மாறுகிறது. ஆகவே கலவை. ‘-ஆல்’, ‘-போது’, ‘-பிறகு’ என்று முடியும் வினைத் துண்டுகளில் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் நகராதீர்கள்.

இரண்டு முற்று இருந்தால் தொடர் என்று எழுதுவது

முன்னதின் மறுபக்கம். “அண்ணன் நாளைக்கு வருவான் என்று ஆச்சி சொன்னார்.” வருவான், சொன்னார் இரண்டும் முற்று. ஆனால் அண்ணன் வருவது ஆச்சி சொன்ன செய்திக்குள் அடங்கியிருக்கிறது. ‘என்று’ அதைக் கட்டிப்போடுகிறது. கலவை.

துணைவினையைத் தனி வினையாக எண்ணுவது

“முற்றத்தில் வற்றல் காய்ந்துபோய்விட்டது.” காய்ந்து, போய், விட்டது என்று மூன்று வட்டம் போடுகிறார்கள். வற்றல் எங்கேயும் போகவில்லை, எதையும் விடவுமில்லை. காய்ந்தது, அவ்வளவுதான். மூன்றும் சேர்ந்து ஒரே பயனிலை. விடு, போ, இரு, கொண்டிரு எல்லாம் இப்படி ஒட்டி வரும். ஆனால் “அண்ணன் கடைக்குப் போய் மிளகாய் வாங்கினான்” என்பதில் அவன் உண்மையாகவே போகிறான். அங்கே ‘போய்’ எண்ணிக்கையில் சேரும். சொல்லைப் பார்த்து முடிவெடுக்காமல், அந்தச் செயல் நடந்ததா என்று கேளுங்கள்.

‘உம்’ கண்டதும் தொடர் என்பது

“ஆச்சியும் அத்தையும் கோயிலுக்குப் போனார்கள்.” எழுவாய் இரண்டு, பயனிலை ஒன்று. தனி.

இங்கிலீஷ் பீரியட் விதியைத் தமிழ்த்தாளில் போடுவது

ஒரே ஆள் இரண்டு செயல் செய்தால் ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் சிம்பிள் சென்டன்ஸ்தான். காம்பவுண்ட் ஆக, எழுவாயும் பயனிலையுமாகத் தனித்து நிற்கும் இரண்டு பகுதி வேண்டும். தமிழ்ப் பாடத்தில் ஓர் எழுவாய் பல பயனிலை கொண்டாலே தொடர். எந்தத் தாள் கையில் இருக்கிறதோ அந்தத் தாளின் விதி.

நீளத்தைப் பார்ப்பது

பார்க்காதீர்கள். “மழை பெய்தால் வருவேன்” மூன்றே சொல், கலவை.