புரோக்கருக்கு நாம் அனுப்பும் அந்த ஒற்றைச் "சரி"

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க சார். ஓனர் இருப்பார். நம்ம கமிஷன் ஒரு மாசம்."

வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தபோது ஒரு புரோக்கர் எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இது. "சரிங்க, வந்துடறேன்" என்று பதில் போட்டேன். என்னைப் பொறுத்தவரை அது ஐந்து மணிக்குச் சொன்ன சரி. வீடு பிடித்துப்போய் முன்பணம் கொடுத்த அன்று, அவர் அதே செய்தியைத் திறந்து என் முன்னால் நீட்டினார். "நீங்கதானே சார் சரின்னு சொன்னீங்க?"

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் 'ஒரு மாசம்' என்பதற்கு அவர் கணக்கு வேறு, என் கணக்கு வேறு. நான் வாடகையை மட்டும் நினைத்தேன். அவர் வாடகையோடு பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்திருந்தார். அந்த வீட்டில் பராமரிப்புக் கட்டணம் வாடகையில் ஐந்தில் ஒரு பங்கு. வாடகை 100 என்று வைத்துக்கொண்டால், நான் எதிர்பார்த்தது 100, அவர் கேட்டது 120. அதுவும் வாடகை ஒப்பந்தம் எழுதும் முன்பே, அன்றைக்கே, முழுதாக. முன்பணம் கைமாறிய பிறகு பேரம் பேசப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரே செய்தியில் நேரமும் கமிஷனும் சேர்ந்து வந்தால், இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். நேரத்துக்குச் சரி சொல்லும்போதே மற்றதை நிறுத்திவையுங்கள்: "நாளை 5 மணிக்கு வருகிறேன். கமிஷன் பற்றி நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கீழே கேட்டிருப்பதற்குப் பதில் தந்தால் முடிவு சொல்கிறேன்." இப்படி எழுதினால் கோபித்துக்கொள்வார் என்று பலர் தயங்குகிறார்கள். தினமும் பணம் பேசுகிறவருக்கு இது சாதாரணக் கேள்விதான். முன்பணம் கொடுத்த பிறகு கேட்டால்தான் சண்டையாகிறது.

"கமிஷன் எவ்வளவு?" என்று மட்டும் கேட்பது அடுத்த தவறு. "வழக்கமா வாங்குறதுதான் சார்", "வீட்டைப் பாருங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று பதில் வரும். இரண்டிலும் தொகை இல்லை. கேள்வியை உடைத்துக் கேட்டால்தான் பதிலும் உருப்படியாக வரும். நான் இப்போது அனுப்புவது இது:

"வணக்கம் சார். இந்த வீடு முடிந்தால் உங்களுக்கு நான் தர வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு? அது வாடகைக்கு மட்டுமா, பராமரிப்பும் சேர்த்தா? வரி இருந்தால் அது இதற்குள்ளா, தனியா? எப்போது தர வேண்டும்: முன்பணத்தின்போதா, ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகா, சாவி கைக்கு வரும்போதா? வீட்டுக்காரர் பின்வாங்கினால் கொடுத்த கமிஷன் திரும்ப வருமா?"

இதில் எப்போது, திரும்ப வருமா என்ற இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிக முக்கியமாகப் படுவது அவைதான். முன்பணத்தோடு முழுக் கமிஷனையும் கொடுத்துவிட்டால், வீட்டுக்காரர் மறுநாள் வேறு ஒருவருக்கு வீட்டைக் கொடுத்தாலும் புரோக்கருக்கு நஷ்டமில்லை. "என் வேலை ஆளைக் கூட்டிவந்து காட்டுறது, அதை முடிச்சுட்டேன்" என்று சொல்ல அவருக்கு இடமிருக்கிறது. முழுத்தொகையும் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு என்று கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் பாதி முன்பணத்தோடு, மீதி சாவியோடு என்றாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கமிஷன் கேட்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதையும் இப்போதே கேட்டுவிடலாம்.

பதில் எழுத்தில் வராமல் குரல் செய்தியாகவோ போனிலோ வரும். பரவாயில்லை, பேசி முடித்ததும் நீங்கள் எழுதி அனுப்புங்கள்: "இப்போது போனில் பேசியபடி, கமிஷன் ஒரு மாத வாடகை, பராமரிப்பு சேராது, ஒப்பந்தம் கையெழுத்தான அன்று தருகிறேன். சரிதானே?" அந்தக் கடைசி வார்த்தை தேவை. அதற்கு அவர் "சரி" போட்டால், இந்த முறை அந்தச் சரி உங்கள் பக்கம். ஆனால் வீட்டைக் காட்டும் முன் ஏதாவது படிவத்தில் கையெழுத்துக் கேட்டால், அதிலுள்ள கமிஷன் வரியைப் படிக்காமல் போடாதீர்கள். செய்தியில் ஒன்று, படிவத்தில் வேறொன்று இருந்தால், அவர் படிவத்தைத்தான் நீட்டுவார்.

இனி நேரம். "எப்ப வேணாலும் வரேன் சார்" என்பதைப் பணிவு என்று நினைக்கிறோம். நாள் முழுக்கப் பல வீடுகளைக் காட்டுகிறவருக்கு அது 'கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம்' என்றுதான் கேட்கும். இருட்டிய பிறகு, விளக்கு வெளிச்சத்தில் வீட்டைப் பார்ப்பீர்கள். சுவரில் ஓதம் ஏறியிருப்பதும், படுக்கையறைக்கு வெளிச்சமே வராததும் குடிபோன பிறகுதான் தெரியும். பகலில் இரண்டு நேரங்களைச் சொல்லி, அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டைப் பார்ப்பதில் உங்கள் நேரமும் புரோக்கர் நேரமும் மட்டும் ஒத்துப்போனால் போதாது. இப்போது குடியிருப்பவர் கதவைத் திறக்க வேண்டும், அல்லது வீட்டுக்காரர் சாவியோடு வர வேண்டும். சாவி யாரிடம் என்று கேட்காமல் போய்ப் பூட்டிய கதவின் முன்னால் நின்றிருக்கிறேன். எந்த வீடு என்று சொல்லாமல் "அந்த ரெண்டு பெட்ரூம் வீடு" என்று எழுதுவதும் இதே பாடுதான். அவர் கையில் அப்படி நாலைந்து இருக்கும். வீட்டின் படத்தையே திருப்பி அனுப்பிக் கேளுங்கள்:

"இந்தப் படத்திலுள்ள வீட்டைப் பார்க்க வேண்டும். சனி காலை 10 முதல் 12, அல்லது ஞாயிறு மாலை 3 முதல் 5. இரண்டு பேர் வருகிறோம். வீட்டில் ஆள் குடியிருக்கிறார்களா, சாவி உங்களிடம் இருக்கிறதா? தெருப் பெயரும் சொல்லுங்கள்."

தெருப் பெயரை வழி தெரிவதற்காக மட்டும் கேட்கச் சொல்லவில்லை. ஒரே வீட்டை இரண்டு புரோக்கர்கள் வைத்திருப்பது சகஜம். தெரியாமல் இருவரோடும் போய்ப் பார்த்துவிட்டால், "நான்தான் காட்டினேன்" என்று இருவருமே கமிஷன் கேட்பார்கள். தெருவைக் கேட்டதும் ஏற்கெனவே பார்த்த வீடு என்று தெரிந்தால், "இதை வேறொருவர் மூலம் பார்த்துவிட்டேன், இதற்கு வரவில்லை" என்று உடனே எழுதிவிடுங்கள். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள்.

கமிஷன் கேள்விக்குப் பதிலே வராமல் "வாங்க சார், வாங்க" என்று மட்டும் வந்துகொண்டிருந்தால், நான் ஒரு முறை மட்டும் திரும்பக் கேட்பேன்: "தொகை தெரிந்த பிறகு வருகிறேன். சனிக்கிழமை காலை 9 மணிக்குள் சொன்னால் 10 மணிக்கு அங்கே இருப்பேன்." ஒன்பது மணி வரை பதில் வராவிட்டால், "இன்று வரவில்லை" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிடுவேன்.