முதல் கடனா? கிரெடிட் ஸ்கோரை இலவசமாகப் பாருங்கள்

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை, ஸ்கோருடன் கூடிய முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதனால் முதலில் இவற்றின் சொந்தத் தளத்துக்கே போங்கள். சிபிலுக்கு cibil.com. நடுவில் கட்டணச் சந்தா திட்டங்கள் வரும். அவற்றைத் தவிர்த்து இலவசத் தேர்வை மட்டும் எடுங்கள்.

பெயர், மின்னஞ்சல், பான், பிறந்த தேதி, மொபைல் ஓடிபி போன்ற விவரங்கள் போதும். தொடர்புப் பட்டியல், புகைப்படங்களுக்கு அனுமதி கேட்கும் ஆப் என்றால் உடனே நீக்கிவிடுங்கள். யுபிஐ பின் கேட்டால் அது மோசடியேதான்.

இதுவரை கடனே வாங்காதவருக்கு எண்ணுக்குப் பதில் NH அல்லது -1 வரலாம். பயப்படாதீர்கள், வரலாறு இல்லை என்றுதான் அர்த்தம்.

நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஆனால் மற்ற இலவச ஆப்கள் பலவற்றுக்கும் கடன் விற்பதில்தான் வருமானம். அங்கே ‘அப்ளை’ கொடுத்தால் கடன் விசாரணையாகப் பதிவாகலாம். அடுத்தடுத்துக் கொடுத்தால் ஸ்கோர் இறங்கும்.